மின்னஞ்சல் முகவரியை மாற்றிவிட்டீர்கள்... பழைய முகவரிக்கே எழுதுபவர்களை என்ன செய்வது?

உயர்நிலை ஒன்றில் படிக்கும்போது ஒரு மின்னஞ்சல் முகவரி திறந்திருப்பீர்கள். பிடித்த நடிகர் பெயர், அதற்குப் பின்னால் பிறந்த ஆண்டு, நடுவில் ஓர் அடிக்கோடு. அப்போது அது ரொம்ப கெத்தாகத் தெரிந்திருக்கும்.

இப்போது வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள். தன்விவரக் குறிப்பின் உச்சியில் அந்த முகவரியைப் போட மனம் வரவில்லை. சொந்தப் பெயரில் புதிதாக ஒன்றைத் திறக்கிறீர்கள். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

சிரமம் அதற்குப் பிறகுதான். புதிய முகவரி இருப்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். உலகம் இன்னமும் பழைய முகவரிக்கே எழுதிக்கொண்டிருக்கும். "எல்லாருக்கும் ஒரு மெயில் தட்டிவிட்டால் முடிந்தது" என்று நினைப்போம். ஆனால் அந்த அறிவிப்பைப் படித்து, "ஓகே, நோட்டட்" என்று பதில் போட்டவரே அடுத்த வாரம் பழைய முகவரிக்கு எழுதுவார்.

அவர் ஏன் அப்படிச் செய்கிறார், அதை எப்படிச் சமாளிக்கலாம்? பார்ப்போம். பழையது, புதியது இரண்டுமே ஜிமெயில் என்று வைத்துக்கொள்கிறேன். மற்றச் சேவைகளிலும் இதே வசதிகள் பெரும்பாலும் உண்டு. பெயர்கள்தான் சற்று மாறும்.

அறிவிப்பதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது

பலரும் முதலில் அறிவிப்பை அனுப்பிவிட்டு, அதன் பிறகு மற்றதை யோசிக்கிறார்கள். வரிசை அதற்கு நேர்மாறாக இருக்கவேண்டும். முதலில் பழைய பெட்டிக்கு வருவது தானாகவே புதிய பெட்டிக்கு வந்து சேரும்படி செய்யுங்கள். அதன் பிறகு யார் எங்கு எழுதினாலும் உங்கள் கையில் கிடைத்துவிடும். பதற்றம் இல்லாமல் ஒவ்வொருவராகத் திருத்தலாம்.

இதைக் கணினியில்தான் செய்யமுடியும். கைத்தொலைபேசிச் செயலியில் இந்த வசதி இல்லை. பழைய கணக்கில் நுழைந்து, பல்சக்கரச் சின்னத்தைத் தட்டி, `See all settings` பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே `Forwarding and POP/IMAP` என்ற தலைப்பு இருக்கும். `Add a forwarding address` என்பதை அழுத்திப் புதிய முகவரியைக் கொடுங்கள். புதிய பெட்டிக்கு ஓர் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வரும். அதிலுள்ள இணைப்பை அழுத்தவேண்டும்.

இங்கேதான் சிலர் நிறுத்திவிடுகிறார்கள். உறுதிப்படுத்திய பிறகு பழைய கணக்கின் அதே பக்கத்துக்குத் திரும்பி வந்து, `Forward a copy of incoming mail to` என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தின் அடியில் உள்ள `Save Changes` பொத்தானையும் அழுத்தினால்தான் வேலை முடியும். வேலை செய்கிறதா என்பதை அறிய நண்பர் ஒருவரைப் பழைய முகவரிக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நீங்களே புதியதிலிருந்து பழையதற்கு அனுப்பிச் சோதித்தால் சில நேரம் குழப்பம் வரும். உங்களிடமிருந்து போனதே உங்களுக்குத் திரும்பி வருவதால் அது புதிய மடலாகத் தெரியாமல் போகலாம்.

ஒரு விஷயத்தை மறக்கவேண்டாம். ஜிமெயில் எல்லாவற்றையும் திருப்பிவிடுவதில்லை. ஸ்பேம் என்று அது முடிவுசெய்த மடல்கள் பழைய பெட்டியின் ஸ்பேம் பகுதியிலேயே தங்கிவிடும். முன்பின் தெரியாத நிறுவனத்தின் நேர்முகத் தேர்வு அழைப்பு அங்கே விழுந்து கிடக்க நிறைய வாய்ப்புண்டு. ஜிமெயில் ஸ்பேம் பகுதியில் உள்ளவற்றை 30 நாளில் அழித்துவிடும். ஆகவே வாரம் ஒரு முறையாவது பழைய பெட்டியின் ஸ்பேம் பகுதியை எட்டிப் பாருங்கள். புதிய பெட்டியின் ஸ்பேம் பகுதியையும் பாருங்கள். திருப்பிவிடப்பட்ட மடல்கள் வேறு வழியாக வந்ததுபோல் தெரிவதால் சில நேரம் அங்கேயும் மாட்டிக்கொள்ளும்.

அடுத்து, திருப்பிவிடப்பட்டு வருபவை தனியாகத் தெரியவேண்டும். இல்லையென்றால் யார் இன்னும் பழைய முகவரிக்கு எழுதுகிறார்கள் என்பதே உங்களுக்குத் தெரியாது. புதிய பெட்டியின் தேடல் கட்டத்தில் இப்படித் தட்டுங்கள். முகவரி உங்களுடையதாக இருக்கட்டும்.

```
to:palaiya_mugavari@example.com
```

மடல் திருப்பிவிடப்பட்டாலும் 'பெறுநர்' இடத்தில் பழைய முகவரி அப்படியேதான் இருக்கும். அதனால் இந்தத் தேடல் அவற்றைப் பிடித்துவிடும். தேடல் கட்டத்தின் ஓரத்தில் உள்ள சின்னத்தைத் தட்டி, `Create filter` அழுத்தி, `Apply the label` என்பதில் 'பழையது' என்று ஒரு பெயர் கொடுங்கள். இனிமேல் பழைய முகவரிக்கு வந்த ஒவ்வொரு மடலிலும் அந்தச் சீட்டு ஒட்டியிருக்கும். அடுத்த சில மாதங்களுக்கு இந்தச் சீட்டுதான் உங்கள் கணக்குப் புத்தகம்.

யாருக்குச் சொல்வது?

எல்லாருக்கும் சொல்லவேண்டியதில்லை. ஓர் உதாரணம் பார்ப்போம். தேசிய சேவையை முடித்துவிட்டு வேலை தேடும் ஓர் இளைஞர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய தொடர்புப் பட்டியலில் 112 பேர். அதை ஒரு முறை மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தால் மூன்று கூட்டம் தெரியும்.

பதினொரு பேருக்குத் தனித்தனியாகச் சொல்லவேண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பயிற்சி வேலைக்கு மேற்பார்வையாளராக இருந்தவர், சான்றுரை எழுதித் தருவதாகச் சொன்ன ஆசிரியர், காப்புறுதி முகவர், வார இறுதியில் கணிதம் சொல்லிக்கொடுக்கும் மாணவர்களின் பெற்றோர், அவ்வப்போது ஆவணம் அனுப்பும் பெரியப்பா... இவர்கள் எழுதும் ஒரு மடல் தவறினால் வேலையோ பணமோ உறவோ பாதிக்கப்படும். இன்னும் அறுபது பேருக்குப் பொதுவாக ஓர் அறிவிப்பு போதும். மீதி 41 பேர்? என்றோ ஒருமுறை கெரோசலில் பழைய காலணி வாங்கியவர், மூடிப்போன துணைப்பாட நிலையம், யாரென்றே ஞாபகம் வராதவர்கள். அவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். புதிய முகவரி எத்தனை பேர் கையில் குறைவாக இருக்கிறதோ அத்தனை நாள் அது சுத்தமாக இருக்கும்.

அறிவிப்பை எந்த முகவரியிலிருந்து அனுப்புவது?

பழைய முகவரியிலிருந்துதான்.

புதியதிலிருந்து அனுப்பினால் என்ன என்று தோன்றும். பெறுபவரின் இடத்தில் இருந்து யோசியுங்கள். முன்பின் பார்க்காத முகவரியிலிருந்து ஒரு மடல் வருகிறது. "நான்தான், என் மெயில் மாறிவிட்டது, இனி இதற்கே எழுதுங்கள்" என்கிறது. மோசடிக்காரர்கள் எழுதுவதும் அச்சு அசலாக இப்படித்தான். சிங்கப்பூரில் நிறுவனங்களைக் குறிவைக்கும் மின்னஞ்சல் மோசடிகளில் இது தெரிந்த உத்தி. வழக்கமான வாடிக்கையாளர் அல்லது மேலதிகாரி போல் நடித்து, முகவரி மாறிவிட்டது என்பார்கள். சற்று நேரம் கழித்து வங்கிக் கணக்கும் மாறிவிட்டது என்பார்கள். கவனமாக இருப்பவர்கள் உங்கள் மடலைத் திறக்காமலேயே அழித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லமுடியாது.

அவர்கள் ஏற்கெனவே அறிந்த முகவரியிலிருந்து வந்தால் சந்தேகம் பாதி குறையும். மீதிப் பாதியைக் குறைக்க, முக்கியமான அந்தப் பதினொரு பேருக்கு வாட்ஸ்அப்பிலோ தொலைபேசியிலோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "அங்கிள், மெயில் ஒன்று அனுப்பியிருக்கிறேன், நான்தான்" என்றால் போதும். யாராவது சந்தேகப்பட்டு உங்களை அழைத்துக் கேட்டால் கோபப்படாதீர்கள். அவர் செய்தது சரி. நீங்களே இப்படி ஒரு மடலைப் பெற்று, அது உண்மையா என்று தெரியாவிட்டால், அந்த நபரின் பழைய தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். மடலில் இருக்கும் எண்ணை நம்பவேண்டாம். மோசடியோ என்று சந்தேகம் இருந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799.

சரி, பழையதிலிருந்து அனுப்பினால் ஒரு சிக்கல் வரும். பெறுபவர் `Reply` அழுத்தியதும் பதில் பழைய முகவரிக்கே போகும். எந்தப் பழக்கத்தை மாற்றச் சொல்லி எழுதினீர்களோ, அந்த மடலே அதே பழக்கத்தை இன்னொரு முறை உறுதியாக்கிவிடும்.

இதற்கு அதிகம் பேர் அறியாத ஒரு வழி இருக்கிறது. பழைய கணக்கின் அமைப்புகளில் `Accounts and Import` பகுதிக்குச் செல்லுங்கள். `Send mail as` என்ற வரியில் உங்கள் முகவரிக்கு அருகே `edit info` என்று இருக்கும். அதைத் திறந்து `Specify a different "reply-to" address` என்பதை அழுத்திப் புதிய முகவரியைக் கொடுங்கள். இப்போது மடல் பழைய முகவரியிலிருந்து போகும். ஆனால் பதில் புதிய முகவரிக்கு வரும். அதைவிட முக்கியமான பலன் ஒன்று உண்டு. அவர் ஒரே ஒரு முறை புதிய முகவரிக்கு எழுதிவிட்டால் அவருடைய மின்னஞ்சல் செயலியும் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

அனுப்புநர் ஒன்று, பதில் போகும் இடம் வேறொன்று என்பதும் மோசடிக்காரர்கள் பயன்படுத்தும் வித்தைதான். அதனால்தான் முக்கியமானவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு என்றேன்.

என்ன எழுதுவது?

சின்னதாக எழுதுங்கள். தலைப்பிலேயே விஷயம் இருக்கட்டும். பலர் மடலைத் திறக்கமாட்டார்கள்; தலைப்பை மட்டும் பார்ப்பார்கள். இப்படி எழுதலாம்:

*தலைப்பு: புதிய மின்னஞ்சல் முகவரி – (உங்கள் முழுப்பெயர்)*

*வணக்கம். என் மின்னஞ்சல் முகவரி மாறியுள்ளது. இனிமேல் puthiya.peyar@example.com என்ற முகவரிக்கு எழுதுங்கள். பழைய முகவரியை டிசம்பர் 31 வரை பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த மடலுக்கு ஒரு வரி பதில் போட்டால் புதிய முகவரி உங்கள் பட்டியலில் சேர்ந்துவிடும். என் தொலைபேசி எண் மாறவில்லை. சந்தேகம் இருந்தால் அழைத்துக் கேளுங்கள்.*

அவ்வளவுதான். தொலைபேசி எண் மாறவில்லை என்று சொல்லுங்கள்; எண்ணை எழுதாதீர்கள். உண்மையிலேயே உங்களைத் தெரிந்தவரிடம் அது இருக்கும். இணைப்பு, கோப்பு, படம் எதுவும் வேண்டாம். அவை இருந்தால் ஸ்பேம் என்று சந்தேகிக்கப்படும். ஏன் மாற்றினீர்கள் என்ற கதையும் தேவையில்லை. ஒரு தேதியைக் குறிப்பிடுவது மட்டும் அவசியம். "விரைவில் மூடிவிடுவேன்" என்றால் யாரும் அசையமாட்டார்கள்.

அறுபது பேரையும் `To` வரியில் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவரின் முகவரியும் மற்ற 59 பேருக்கும் தெரிந்துவிடும். அதில் ஒருவர் `Reply all` அழுத்தி "காங்கிராட்ஸ்" என்பார். அப்புறம் நாள் முழுக்க அதுதான். எல்லாரையும் `Bcc` வரியில் போடுங்கள். `To` வரியில் உங்கள் புதிய முகவரியைப் போடுங்கள். மடலைத் திறந்ததுமே அது கண்ணில் படும், தட்டிச் சேமித்துக்கொள்ளலாம். சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு மடலை 500 பேர் வரை அனுப்பலாம். என்றாலும் ஒரே மூச்சில் அனுப்பாமல் இருபது இருபது பேராகப் பிரித்து அனுப்புவது நல்லது. திரும்பி வந்த மடல்களைச் சரிபார்க்கவும் அது வசதி.

சொன்ன பிறகும் ஏன் பழையதற்கே எழுதுகிறார்கள்?

பெரும்பாலும் அவர்களுடைய அலட்சியம் காரணமில்லை. முகவரியைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் அல்ல, அவர்களின் கருவி. இரண்டு எழுத்து தட்டியதும் அது ஒரு முகவரியை நீட்டும். இதற்கு முன்னர் நாற்பது முறை எழுதிய முகவரிதான் முதலில் வரும். அவர்கள் கண் உங்கள் பெயரைத்தான் பார்க்கும். அதற்குப் பின்னால் உள்ள முகவரியைப் படிக்காது. உங்கள் அறிவிப்பு அவர் மண்டைக்குள் போயிருக்கும்; அவர் தொலைபேசிக்குள் போயிருக்காது.

இரண்டாவது காரணம் பழைய உரையாடல். புதிதாக எழுதுவதற்குப் பதிலாக, போன வருஷத்து மடலைத் தேடி எடுத்து அதிலேயே `Reply` போடுபவர்கள் நிறைய. குறிப்பாகப் பெரியவர்கள். அந்த மடல் பழைய முகவரியிலிருந்து போனது, ஆகவே பதிலும் அங்கேதான் வரும். கூட்டு மடல்களில் இது இன்னும் மோசம். எட்டுப் பேர் இருக்கும் ஓர் உரையாடலில் உங்கள் பழைய முகவரி இருந்தால், யார் `Reply all` அழுத்தினாலும் அது தொடர்ந்து உயிரோடு இருக்கும்.

எங்கள் செய்தி அறைக்கு வரும் ஊடக அறிக்கைகளில் சில, எப்போதோ வேலையை விட்டுப் போனவர்களின் பெயருக்கு இன்னமும் வருகின்றன. அனுப்புபவர்களுக்குச் சோம்பேறித்தனம் இல்லை. யாரோ ஒருவர் ஒரு விரிதாளில் தட்டி வைத்த பட்டியல் கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருக்கிறது.

காரணம் இதுவென்றால், "நான்தான் சொன்னேனே!" என்று மறுபடி மறுபடி நினைவூட்டுவதில் பயனில்லை. அவர் கருவியில் இருப்பதை மாற்றவேண்டும்.

அதற்கு முதல் வழி, உங்கள் பதில் எப்போதும் புதிய முகவரியிலிருந்து போவது. இது தானாக நடக்கும் என்று நினைப்போம். ஆனால் சிலர் வசதிக்காகப் பழைய முகவரியையும் புதிய கணக்கின் `Send mail as` பட்டியலில் சேர்த்து வைத்திருப்பார்கள். அப்போது அதற்குக் கீழே இரண்டு தெரிவுகள் தோன்றும். `Reply from the same address the message was sent to` என்பதில் புள்ளி இருந்தால், பழைய முகவரிக்கு வந்த மடலுக்கு நீங்கள் பழைய முகவரியிலிருந்தே பதில் எழுதிக்கொண்டிருப்பீர்கள், உங்களுக்கே தெரியாமல். எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றுமே மாறியதாகத் தெரியாது. `Always reply from default address` என்பதைத் தேர்ந்தெடுத்து, புதிய முகவரியை இயல்பு முகவரியாக வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, பழைய உரையாடலைத் தொடரவேண்டாம். புதிய மடல், புதிய தலைப்பு. "முன்பு பேசிய விஷயத்தைப் பற்றி" என்று தொடங்கி, பழைய பேச்சிலிருந்து தேவையான இரண்டு வரியை மட்டும் ஒட்டுங்கள். கூட்டு மடலாக இருந்தால், பழைய முகவரியை நீக்கிப் புதியதைச் சேர்த்து நீங்களே புதிதாக ஒன்றைத் தொடங்குங்கள். பட்டியலை வைத்திருப்பவர் யார் என்று கண்டுபிடித்து அவரிடம் மட்டும் கேளுங்கள். மற்ற ஏழு பேரிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

மூன்றாவது வழி கொஞ்சம் கை வேலை. நெருங்கியவர் என்றால் அவருடைய தொலைபேசியையே வாங்கிச் சரிசெய்யலாம். ஐஃபோன் மெயில் செயலியில் உங்கள் பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டினால் பழைய முகவரி நீளும். அதன் அருகே உள்ள `i` சின்னத்தைத் தட்டி `Remove from Recents` கொடுங்கள். கணினி அவுட்லுக்கில் நீளும் முகவரியின் ஓரத்தில் ஒரு `X` இருக்கும், அதை அழுத்தினால் போதும். ஜிமெயிலுக்கு `contacts.google.com` பக்கத்தில் `Other contacts` என்ற பகுதியையும் பாருங்கள். நாம் சேமிக்காமலேயே ஜிமெயில் சேர்த்துவைக்கும் முகவரிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

தானியங்கிப் பதிலை எப்போது போடுவது?

முதல் நாளே போடவேண்டாம். நமது உதாரண இளைஞரின் 'பழையது' சீட்டைத் திறந்து பார்ப்போம். முதல் மாதம் 38 மடல். அதில் 29 நிறுவனங்களிலிருந்தும் செயலிகளிலிருந்தும் வந்தவை. மனிதர்கள் எழுதியவை ஒன்பது, எழுதியவர்கள் ஐந்தே பேர். ஐந்து பேருக்குத் தனியாகப் பதில் எழுதலாம், இயந்திரம் எதற்கு? மூன்றாம் மாதம் பார்த்தால் இரண்டே பேர் மிச்சம்: பெரியப்பாவும், துணைப்பாட மாணவர் ஒருவரின் தந்தையும்.

அறிவிப்பில் சொன்ன தேதி வந்ததும் திருப்பிவிடுவதை நிறுத்திவிட்டுத் தானியங்கிப் பதிலுக்கு மாறலாம். இப்போது எழுதுபவருக்கு ஒரு விளைவு தெரியும்: மடல் உங்களிடம் வரவில்லை, மறுபடி அனுப்பவேண்டும். இதுவரை அவர் எங்கு எழுதினாலும் பதில் வந்துகொண்டிருந்ததே, அவர் ஏன் மாறவேண்டும்?

பழைய கணக்கின் `General` பகுதியில் `Vacation responder` இருக்கிறது. விடுமுறைக்காகச் செய்யப்பட்டது, ஆனால் இதற்கும் பொருந்தும். "இந்த முகவரியை நான் இனி பார்ப்பதில்லை. உங்கள் மடல் படிக்கப்படவில்லை. தயவுசெய்து புதிய முகவரிக்கு மீண்டும் அனுப்புங்கள்" என்று எழுதுங்கள். 'படிக்கப்படவில்லை' என்ற சொல் முக்கியம். இல்லையென்றால், "சரி, போய்ச் சேர்ந்துவிட்டது" என்று இருந்துவிடுவார்கள்.

அங்கே `Only send a response to people in my Contacts` என்ற ஒரு கட்டம் உண்டு. அதில் கட்டாயம் குறியிடுங்கள். இல்லாவிட்டால் முன்பின் தெரியாத விளம்பரக்காரருக்கெல்லாம் உங்கள் புதிய முகவரியை நீங்களே எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். ஒரே நபர் திரும்பத் திரும்ப எழுதினால் நான்கு நாளுக்கு ஒரு முறைதான் பதில் போகும். ஆகவே தொல்லையாகவும் இருக்காது.

அந்த 29 மடல்கள்?

மனிதர்களைவிட இவைதான் ஆபத்தானவை. வங்கிக்கும் செயலிக்கும் தானியங்கிப் பதில் போட்டுப் பயனில்லை. அவை படிக்காது. ஒவ்வொன்றிலும் நீங்களே நுழைந்து மாற்றவேண்டும்.

வரிசை இதுதான்: முதலில் சிங்பாஸ், பிறகு வங்கிகள், பிறகு மத்திய சேமநிதி, வருமான வரி, காப்புறுதி, தொலைத்தொடர்பு நிறுவனம், கடைசியில் கடைகளும் விளையாட்டுகளும். ஓர் இடத்தில் மாற்றினால் மற்ற இடத்திலும் மாறிவிடும் என்று நம்பவேண்டாம். ஒவ்வொன்றையும் திறந்து, எந்த முகவரி இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். வேலை தேடும் தளங்களை மறந்துவிடாதீர்கள். அங்கே ஈராண்டுக்கு முன்பு ஏற்றிய தன்விவரக் குறிப்பில் பழைய முகவரி அப்படியே இருக்கும். ஒருவர் அழைப்பு அனுப்பினால் அது அங்கேதான் போகும்.

எங்கெல்லாம் கணக்கு வைத்திருக்கிறோம் என்பது யாருக்கும் முழுதாக ஞாபகம் இருக்காது. பழைய பெட்டியில் `verify your email`, `welcome to`, `receipt` என்று ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். பத்து ஆண்டுக் கதையும் வரும்.

ஏன் ஆபத்து என்றேன்? மறைச்சொல் மறந்தால் அதை மாற்றும் இணைப்பு பதிவுசெய்த முகவரிக்குத்தான் போகும். பழைய பெட்டியை அழித்துவிட்டால் அந்தக் கணக்குகளின் கதவும் பூட்டிக்கொள்ளும்.

அதனால் பழைய கணக்கை அழிக்காதீர்கள். இரண்டு ஆண்டு யாரும் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை கூகல் நீக்கிவிடலாம். 2023ஆம் ஆண்டு அறிவித்த விதிமுறை இது; அவ்வாண்டு டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. மடல் திருப்பிவிடப்படுகிறது என்பதை மட்டும் நம்பி இருக்கவேண்டாம். சில மாதத்துக்கு ஒரு முறை உள்ளே நுழைந்து ஒரு மடலைத் திறந்து படித்துவிட்டு வாருங்கள். நாள்காட்டியில் ஒரு நினைவூட்டலும் போட்டுவையுங்கள். மறைச்சொல்லையும் வலுவாக்குங்கள், உயர்நிலை ஒன்றில் வைத்த மறைச்சொல் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பள்ளி, வேலையிட முகவரி என்றால்?

அப்போது இவ்வளவு நேரம் கிடைக்காது. படிப்பு முடிந்த பிறகோ கடைசி வேலை நாளிலோ கதவு மூடப்பட்டுவிடும். அதன் பிறகு எழுதுபவருக்கு `Address not found` என்ற பதில்தான் போகும். உங்கள் புதிய முகவரி அதில் இருக்காது. ஆகவே மூடும் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு மாதம் முன்பே சொல்லத் தொடங்குங்கள். வேலையிட மடல்களைச் சொந்தப் பெட்டிக்குத் திருப்பிவிடாதீர்கள். அவை நிறுவனத்துக்குச் சொந்தமானவை, திருப்பிவிடுவது விதிமீறலாகலாம். சில வாரங்களுக்குத் தானியங்கிப் பதில் ஒன்றைப் போட்டுவைக்க முடியுமா என்று தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் கேட்கலாம். பல இடங்களில் செய்து தருவார்கள்.

இனி பெரியப்பா. தானியங்கிப் பதிலும் போயாயிற்று, தொலைபேசியிலும் சொல்லியாயிற்று, இன்னமும் பழையதற்கே அனுப்புகிறார் என்றால், அவருக்காக மட்டும் ஒரு வழி உண்டு. பழைய கணக்கில் `from:` என்று அவர் முகவரியைக் கொடுத்து ஒரு வடிகட்டி செய்து, அவருடைய மடல்களை மட்டும் `Forward it to` வழியாகப் புதிய பெட்டிக்கு வரச் செய்யுங்கள். பெரியப்பாவுக்கு எதுவும் தெரியவேண்டியதில்லை. அடுத்த முறை தீபாவளிக்கு வீட்டுக்குப் போகும்போது அவர் தொலைபேசியை ஐந்து நிமிடம் வாங்கிக்கொள்ளலாம்.